முதல் சோறா, கடைசிச் சோறா?

ஒரு தட்டு, மூன்று வண்ணம், பின்னால் ஒரு குரல். இதற்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கான வீடியோக்களுக்குப் படமும் வரைந்து குரலும் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பதில் சொல்லத்தான் வேண்டும்.

9 அங்குலத் தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கால் பங்கு சோறு. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் முறை இது. அங்கே சாப்பாடு ஒரே தடவையில் தட்டுக்கு வந்துவிடும். நம் வீட்டில் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று சோறு மூன்று முறை விழுகிறது. வீடியோ பார்த்தவர் ஒவ்வொரு முறையும் கால் தட்டு போட்டுக்கொண்டு, சொன்னபடிதான் சாப்பிடுகிறேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை; படம்தான் பாதியில் நின்றுவிட்டது.

எனக்குப் பாடம் சொன்னவர் ஒரு டயட்டீஷியன் அம்மா. நான் வரைந்த தட்டைப் பார்த்ததும், "இது முதல் சோறா, கடைசிச் சோறா?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் என் தொழிலே தொடங்கியது. "படம் புரிந்ததா என்று யாரையும் கேட்காதே. நேற்று மத்தியானம் எத்தனை கரண்டி போட்டார்கள் என்று கேள்" என்பார். கரண்டிக் கணக்கு மாறவில்லை என்றால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் சொன்னபடி காட்சியை மாற்றினேன். காய்தான் முதலில் விழும். அப்புறம் பருப்புக் கூட்டு. கடைசியில் 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்த சோறு. அதில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து. அந்தச் சோற்றின் மேல் இரண்டு கோடு விழுந்து மூன்று பாகமாகும். சாம்பார் ஊற்றியதும் ஒரு பாகம் மறையும், ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. டம்ளர் கவிழும். "மூன்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மூன்று விநாடி பேசாமல் இருப்பேன். பார்ப்பவர் தன் வீட்டுத் தட்டை நினைத்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல் வந்தால் காய்ப் பக்கத்திலிருந்து நகர்ந்து சோற்றுப் பக்கம் போய் உட்காரும். அந்த அளவுக்குச் சோறு குறையும்.

இப்போது வருகிற பிள்ளைகள் ப்ரோக்கோலி வைத்த ரெடிமேட் தட்டை வாங்கி, அதன் மேல் தமிழில் எழுத்துப் போடுகிறார்கள். அந்த மூன்று விநாடியை இழுவை என்று வெட்டுகிறார்கள். போகட்டும். ஆனால் நீளம் குறைக்க அவர்கள் முதலில் கை வைக்கும் வரி ஒன்று உண்டு: "இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள்." மருந்தின் அளவு மாறாமல் சோறு மட்டும் பாதியானால், சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து, நடுங்கி, மயக்கமே வரலாம்.

எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், தம்பிகளே. அந்த வரியை மட்டும் வெட்டாதீர்கள்.