"கம்பெனி" என்ற சொல்லுக்குப் பொருள் தேடியபோது

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. இரண்டே வரிதான். அதைச் சரியாக எழுத எனக்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. மொழியியல் மாணவர்க்கு இது ஏன் தேவைப்பட்டது என்று நண்பர்கள் சிலர் கேட்டதால் இந்த நீண்ட பதிவு. சுரங்கம், அணை, மின்நிலையம் ஆகியவற்றின் அருகே களப்பணி செய்வோர் பலருக்கு இது பயன்படக்கூடும்.

நான் குடுக் மொழியை ஆய்கிறேன். உராவ் மக்கள் பேசும் இம்மொழி நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. களம் சத்தீஸ்கரின் சர்குஜா மாவட்டம். அங்கே ஹஸ்தேவ் ஆரண்யக் காட்டின் விளிம்பில் பெரிய நிலக்கரிச் சுரங்கம் ஒன்று 2013 முதல் இயங்குகிறது. அதற்காகக் கேதே என்னும் ஊர் முழுவதும் அகற்றப்பட்டது. மொழியின் இடப்பெயர்வைப் பற்றி எழுதும் இயலில் அந்நிகழ்வைக் குறிப்பிட்டேயாக வேண்டும். "கேதே ஊர், அதானி நிறுவனத்தின் சுரங்கத்துக்காக அகற்றப்பட்டது" என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். வழியில் கண்ட பெயர்ப்பலகையும், நாளிதழ்ச் செய்திகளும், ஊரார் பேச்சும் அப்பெயரையே சொல்லின.

என் நெறியாளர் அந்த வரியைச் சுழித்து, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: "குத்தகை யார் பெயரில்?"

எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எனக்குக் கதைகள் சொல்லிவந்த மூதாட்டி ஒருவர், "மகளே, கம்பெனி கம்பெனி என்கிறோமே, காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது?" என்று முன்பே கேட்டிருந்தார். அன்று நான் நம்பிக்கையோடு சொன்ன விடை பெயர்ப்பலகையில் படித்தது. பேராசிரியரும் மூதாட்டியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

தேடலின் முதல் தடை ஒலிபெயர்ப்பில் இருந்தது. கேதே, பாசேன் என்னும் இரு ஊர்களின் பெயர்கள் ஆவணங்களில் ஒரே வடிவில் வருவதில்லை. சில தாள்களில் `Parsa East and Kanta Basan`, வேறு சிலவற்றில் `Kente Basan`, இன்னும் சிலவற்றில் `Kete Basen`. ஒரு வடிவத்தை மட்டும் இட்டுத் தேடினால் மற்ற வடிவங்களில் உள்ள ஆவணங்கள் கண்ணில் படுவதேயில்லை. போதாக்குறைக்குப் பக்கத்திலேயே `Parsa` என்றும் `Kente Extension` என்றும் வேறிரு நிலக்கரித் தொகுதிகள் உள்ளன. முதல் நாள் நான் மகிழ்ச்சியோடு பதிவிறக்கிய கோப்பு ஒன்று பக்கத்துத் தொகுதியைச் சேர்ந்தது. எனவே முதலில் செய்யவேண்டியது, பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது. அடுத்து, கையில் கிடைக்கும் ஒவ்வோர் ஆவணத்திலும் மாவட்டம், ஊர்ப்பட்டியல், பரப்பளவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, அது நாம் தேடும் தொகுதிதானா என உறுதிசெய்வது. நம் தொகுதிக்கு அப்படிப்பட்ட அடையாளம் ஒன்று கிடைத்தது. சுரங்கத்துக்காக மாற்றப்பட்ட வன நிலம் 1898.328 ஹெக்டேர். மூன்று தசம இடங்களோடு வரும் இந்த எண், ஊர்ப்பெயர் எப்படி எழுதப்பட்டாலும் மாறுவதில்லை.

இரண்டாவது தடை என் கேள்வியிலேயே இருந்தது. "உரிமம் யாரிடம்?" என்று ஒருமையில் கேட்டேன். ஆனால் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒரே உரிமம் என்று ஒன்று இல்லை. நிலக்கரித் தொகுதியை ஒதுக்குவது ஒன்றிய நிலக்கரி அமைச்சகம். சுரங்கக் குத்தகையை எழுதிக் கொடுப்பது மாநில அரசு. சுற்றுச்சூழல் அனுமதியும் வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் அனுமதியும் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழி வருபவை. ஆலையை இயக்கும் இசைவை மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு தருகிறது. இவை ஒவ்வொன்றிலும் பெறுபவர்க்கு ஒவ்வொரு பெயர் உண்டு. ஒதுக்கீட்டில் ஒதுக்கீடு பெற்றவர், குத்தகையில் குத்தகைதாரர், சுற்றுச்சூழல் கடிதத்தில் திட்ட முன்மொழிவாளர், வன அனுமதியில் பயனர் முகமை. இந்த நான்கு இடங்களிலும் ஒரே நிறுவனம் நிற்கிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை.

சுற்றுச்சூழல், வன அனுமதிகளுக்கு `parivesh.nic.in` தளத்தில் தொடங்கலாம். அங்கே சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதங்களைப் படிக்கும்போது தலைப்பை விட, "பெறுநர்" பகுதியைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அனுமதி யாருக்கு முகவரியிடப்பட்டுள்ளதோ அவரே பொறுப்பாளர். இச்சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதியில் அந்த இடத்தில் இருப்பது அதானி அல்ல. ராஜஸ்தான் ராஜ்ய வித்யுத் உத்பாதன் நிகம், அதாவது ராஜஸ்தான் அரசின் மின் உற்பத்திக் கழகம். சத்தீஸ்கர் காட்டின் நிலக்கரி, ராஜஸ்தானின் சப்ரா, காலிசிந்து போன்ற அனல்மின் நிலையங்களுக்காக ஒதுக்கப்பட்டது. 2014 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வன அனுமதியை ரத்து செய்தபோது உச்சநீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கொண்டுசென்றதும் இந்தக் கழகமே. இதையும் ஒரு சோதனையாகக் கொள்ளலாம். ஓர் அனுமதி பறிபோகும்போது அதைக் காக்க வழக்காடுபவர் பெரும்பாலும் அதை வைத்திருப்பவராகவே இருப்பார்.

அப்படியானால் பெயர்ப்பலகை பொய்யா? இல்லை. 2007இல் தொகுதி ராஜஸ்தான் கழகத்துக்கு ஒதுக்கப்பட்டபின், அதைத் தோண்டி நிலக்கரியை அனுப்பும் பணி பர்சா கேந்தே கோலியரீஸ் என்னும் கூட்டு நிறுவனத்திடம் 2008இல் ஒப்படைக்கப்பட்டது. அதில் அதானி என்டர்பிரைசஸுக்கு 74 விழுக்காடு, ராஜஸ்தான் கழகத்துக்கு 26 விழுக்காடு. இத்துறையில் இத்தகைய ஒப்பந்தக்காரரை எம்.டி.ஓ. என்பர். சுரங்கத்தை உருவாக்கி இயக்குபவர் என்பது பொருள். குத்தகை அவருடையதன்று, ஆனால் ஊரார் நாள்தோறும் காணும் இயந்திரமும் சீருடையும் வாயிற்காவலும் அவர் சார்பில் நிற்பவை. எம்.டி.ஓ. ஒப்பந்தத்தின் முழு வாசகம் பொதுவெளியில் எளிதில் கிடைப்பதில்லை. பங்கு விகிதத்தையோ நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் துணை நிறுவனப் பட்டியலைப் பார்த்து அறியலாம்.

இங்கே நான் ஏறக்குறைய இன்னொரு பிழையும் செய்திருப்பேன். என் கையில் இருந்த ஆவணங்கள் பல 2011, 2012ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. உச்சநீதிமன்றம் 2014 செப்டம்பர் 24 அன்று, 1993 முதல் வழங்கப்பட்ட நிலக்கரி ஒதுக்கீடுகளில் 200க்கும் மேற்பட்டவற்றை ஒரே ஆணையில் ரத்து செய்தது. இத்தொகுதியும் அவற்றுள் ஒன்று. ஆக, அந்த நாளுக்கு முந்தைய ஒதுக்கீட்டுக் கடிதம் எதுவும் இன்றைய உரிமைக்குச் சான்றாகாது. 2015இல் வந்த நிலக்கரிச் சுரங்கங்கள் (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டத்தின்கீழ் தொகுதி மறுபடியும் ராஜஸ்தான் கழகத்துக்கே ஒதுக்கப்பட்டது. பழைய ஒப்பந்தங்களைப் புதிய ஒதுக்கீட்டாளர் விரும்பினால் ஏற்றுத் தொடரலாம் என்று அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே இயக்குபவரும் மாறவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்க்கு எதுவும் நிகழாததுபோல் இருந்திருக்கும். ஆனால் சட்டப்படி உரிமை ஒருமுறை அற்று, மீண்டும் பிறந்திருந்தது. மேற்கோள் காட்டவேண்டியது இரண்டாம் பிறப்பின் ஆவணத்தை.

நிறுவனத்தின் பெயரையும் அப்படியே நம்பக்கூடாது. நிறுவனப் பதிவேட்டில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 21 குறிகள் கொண்ட அடையாள எண் உண்டு. அதன் நடுவில் பதிவான மாநிலத்தின் இரண்டெழுத்தும், தொடங்கிய ஆண்டும், வகையைச் சொல்லும் மூன்றெழுத்தும் வரும். `SGC` என்றிருந்தால் மாநில அரசு நிறுவனம், `PLC` என்றிருந்தால் பொதுப் பங்கு நிறுவனம். "ராஜஸ்தான்" என்று பெயரில் இருப்பதாலேயே ஒன்று அரசு நிறுவனம் ஆகிவிடாது என்பதை இந்த மூன்றெழுத்துத்தான் எனக்குக் கற்றுத் தந்தது.

சுரங்கத்தைத் தேர்ந்தது என் நல்லூழ் என்றே சொல்லவேண்டும். இதே கேள்வியை ஓர் அனல்மின் நிலையத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் தேடலே பிழையாகியிருக்கும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி மின் உற்பத்தி நிலையத்தை அமைத்து இயக்க உரிமமே தேவையில்லை. மின்சாரத்தைக் கடத்துவதற்கும், பகிர்வதற்கும், வணிகம் செய்வதற்கும்தான் உரிமம். மின்நிலையத்தின் உரிமத்தைத் தேடி நாள்கணக்கில் அலைபவர், இல்லாத ஒன்றைத் தேடுகிறார். அங்கே பார்க்கவேண்டியவை சுற்றுச்சூழல் அனுமதியும், இயக்க இசைவும், மின் கொள்முதல் ஒப்பந்தமும்.

கடைசியில் எஞ்சியது குத்தகைப் பத்திரம். அதன் நகலைப் பெற உறுதியான வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டக் கனிம அலுவலகத்துக்கு விண்ணப்பிப்பது. "சுரங்கம் யாருடையது?" என்று கேட்டால் விடை வராது, அச்சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது. "இன்ன தொகுதிக்கான சுரங்கக் குத்தகைப் பத்திரத்தின் சான்றிட்ட நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகு, பொறுப்பு முழுவதும் ராஜஸ்தான் கழகத்துடையது என்று எழுதிவிடலாமா? அதுவும் முழு உண்மை ஆகாது. 2025 வரை நடப்பில் இருந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் "உரிமையாளர்" என்ற சொல்லுக்கு இலக்கணம் சொன்னபோது குத்தகைதாரரைச் சேர்த்தது. சுரங்கத்தை இயக்கும் ஒப்பந்தக்காரரும் உரிமையாளரைப் போலவே அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றது. அதனால் உரிமையாளரின் பொறுப்பு நீங்கிவிடாது என்றும் சேர்த்தே சொன்னது. என் பழைய அடிக்குறிப்பு ஓர் அரசு நிறுவனத்தை முற்றிலும் மறைத்தது. அவசரமாகத் திருத்தியிருந்தால் தனியார் நிறுவனம் மறைந்திருக்கும். இரண்டும் ஒரே வகைப் பிழை.

இப்போது அடிக்குறிப்பு இப்படி இருக்கிறது: "கேதே ஊர், ராஜஸ்தான் அரசின் மின் உற்பத்திக் கழகத்துக்கு ஒதுக்கப்பட்ட (2007, ரத்து 2014, மறு ஒதுக்கீடு 2015), அதானி குழும நிறுவனத்தால் இயக்கப்படும் சுரங்கத்துக்காக அகற்றப்பட்டது."

அடுத்த பயணத்தில் மூதாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ராஜஸ்தான் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் வழி?" என்று கேட்டார். ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள் என்றேன். "அதனால்தான் அவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை" என்றார்.

என் ஒலிப்பதிவுகளில் "கம்பெனி" என்ற சொல் வருமிடங்களை இப்போது மறுபடியும் கேட்டுவருகிறேன். அகராதிப் பகுதியில் அதற்கு நான் கொடுத்திருந்த ஒற்றைப் பொருளை நீக்கிவிட்டேன்.