நாலாயிரம் பங்கு என்றால் எவ்வளவு?

தம்பி, பெரிய கம்பெனி 18 லட்சம் தருகிறது, ஸ்டார்ட்அப் 12 லட்சமும் 4,000 ஈசாப்பும் தருகிறது, எதில் சேரட்டும் என்று கேட்டிருக்கிறாய். 2021இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்களானதையும் எழுதியிருக்கிறாய். உண்மைதான். பட்டியலாகாமலே போன கம்பெனிகளின் ஊழியர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, அவ்வளவே.

உன் ஆஃபர் லெட்டரில் 4,000 என்று இருக்கிறதே, மொத்தம் எத்தனையில் 4,000? அது அதில் இல்லை. ஈசாப்புக்கு ஒதுக்கியதையும் சேர்த்து மொத்தப் பங்கு எவ்வளவு என்று எச்.ஆரிடம் கேள். 20 லட்சம் என்றால் உன் பங்கு 0.2 சதவீதம். கம்பெனியின் இன்றைய மதிப்பு 100 கோடி என்றால் உன்னுடையது 20 லட்சம். நான்கு வருடத்தில் நீ விட்டுக்கொடுக்கும் சம்பளமோ 24 லட்சம். இதற்கிடையில் புதிய முதலீட்டாளர்கள் இரண்டு முறை வந்து, ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், உன் 0.2 சதவீதம் 0.128 ஆகிவிடும். அப்போது கம்பெனி கிட்டத்தட்ட 190 கோடிக்குப் போனால்தான் அந்த 24 லட்சமே ஈடாகும். மொத்தத்தைச் சொல்ல மறுத்தால் அந்த 4,000த்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்.

இன்னொன்று, வேலையை விடும் நாள். முதல் வருடம் முடியுமுன் கிளம்பினால் ஒன்றுமே கிடையாது. சட்டமே குறைந்தது ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறது. நான்கு வருடம் முடித்துவிட்டுக் கிளம்பினாலும், பல கம்பெனிகளில் 90 நாளுக்குள் பணம் கட்டிப் பங்கை வாங்கியாக வேண்டும். வாங்கும் விலை 10 ரூபாய் என்றால் மொத்தம் 40,000. இது பெரிதில்லை. ஆனால் அன்று பங்கின் மதிப்பு 600 என்றால், இடையிலுள்ள 23.6 லட்சத்தைச் சம்பளமாகவே கணக்கிட்டு வரி போடுவார்கள். 6 லட்சத்துக்கு மேல் வரும். விற்க முடியாத பங்குக்குக் கைக்காசு போட்டு வரி! தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை 2020 முதல் உண்டு. ஆனால் வேலையை விட்டால் அதுவும் முடிந்துவிடும்.

எனவே அந்த 90 நாளை ஐந்து வருடமாக்கித் தரச் சொல்லி, கையெழுத்துப் போடுமுன் கேள். சில நிறுவனங்கள் தருகின்றன. சேர்ந்த பிறகு கேட்டால் 'பாலிசி' என்பார்கள்.

நானாக இருந்தால், மொத்தத்தை மறைக்காமல் சொல்லி, இந்தக் கெடுவையும் நீட்டித் தந்தால், 12 லட்சத்தில் உன் வீட்டுக் கடன் தவணையும் தடங்கலின்றி ஓடும் என்றால், ஸ்டார்ட்அப்பில்தான் சேருவேன். உன் வயதில் அங்கே கற்கும் வேலை பெரிய கம்பெனியில் கிடைக்காது. தவணைக்கே திண்டாட்டம் என்றால் 18 லட்சத்துக்குப் போ.