எழுபது வெந்தயமும் ஒரு டப்பாப் பெருங்காயமும்

புளிக்குழம்பு கசந்தால் எல்லா வீட்டிலும் ஒரே தீர்ப்புதான்: "வெந்தயம் கூடிப்போச்சு." இதை எழுதுகிறவளுக்கு அந்தத் தீர்ப்பு ஒரே மாதத்தில் மூன்று முறை கிடைத்தது. மூன்று முறையும் அவள் வைத்தது சின்ன வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு. சுண்டைக்காயோ பாகற்காயோ போட்டிருந்தால் பழியை அதன் தலையில் கட்டியிருக்கலாம். மூன்றாவது முறை அவள் போட்ட வெந்தயம் அரைக்கால் டீஸ்பூன். அப்போதும் கசந்தது.

எரிச்சலுக்குக் காரணம் கசப்பு மட்டும் இல்லை. திருநெல்வேலியில் இருக்கிற பெரியம்மா இதே குழம்புக்கு வெந்தயத்தை அள்ளித்தான் போடுவார். கரண்டியில் மோந்தால் சிவந்த வெந்தயம் நாலைந்து கூடவே வரும். சின்ன வயதில் அதைப் பல்லால் கடித்து, கடைசியில் வருகிற லேசான கசப்புக்காகவே தேடித் தின்றது அவளுக்கு நினைவிருக்கிறது. குழம்பு ஒருநாளும் கசந்ததில்லை. வெந்தயம் கூடினால் கசக்கும் என்பது மட்டுமே உண்மையானால், முதலில் கசந்திருக்க வேண்டியது பெரியம்மாவின் குழம்பு.

போனில் கேட்டதற்குக் கிடைத்த பதில் இது: "அளவெல்லாம் யாரு பாத்தா? கசந்தா கொட்டிட்டு மறுபடி வையி."

அளவைத் தானே கண்டுபிடிப்பது என்று அவள் முடிவுசெய்தாள். வீட்டிலிருந்த தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அதனால் எண்ண ஆரம்பித்தாள். கால் டீஸ்பூனை வழித்து எடுத்தால் ஏறக்குறைய எழுபது வெந்தயம், எடையில் ஒரு கிராம் அளவு. நான்கு பேருக்கான குழம்பு: எலுமிச்சை அளவு புளி, மூன்று டம்ளர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி குழம்புப் பொடி. இவை எதையும் மாற்றாமல் வெந்தயத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தாள். முதல் நாள் எழுபது, அடுத்து ஐம்பது, பிறகு முப்பத்தைந்து, கடைசியில் இருபது.

இருபதுக்கு வந்தபோது வெந்தய வாசனையே போய்விட்டது. கசப்பு மட்டும் நாக்கின் அடியில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் இருப்பவர்கள் நான்கு நாளாகப் புளிக்குழம்பு சாப்பிட்ட களைப்பில் ஐந்தாவது நாள் ரசம் கேட்டார்கள்.

எண்ணிக்கை கைவிட்ட இடத்தில் சந்தேகம் திசை மாறியது. வாசனை போன பிறகும் கசப்பு மிச்சமிருந்தால், அது வெந்தயத்தின் கசப்பு மட்டும்தானா?

அன்றைக்குத்தான் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை அவள் முதல்முறையாகப் படித்தாள். கோதுமை மாவு, வேலம்பிசின் வகைக் கோந்து, பெருங்காயம் என்று எழுதியிருந்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கூட்டுப் பெருங்காயம் என்பதே அப்படிச் செய்வதுதான். பெருங்காயம் ஒரு செடியின் வேரைக் கீறினால் வடிகிற பால். காய்ந்து பிசினாகிறது. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் விளைந்து இங்கே இறக்குமதியாகிறது. இந்தியாவில் பயிரிடும் முயற்சியாக, இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஆய்வுக்கூடத்தார் முதல் நாற்றை நட்டதே 2020 அக்டோபரில்தான். அந்தப் பிசின் கலப்பில்லாமல் இருந்தால் பாசிப்பயறு அளவுகூட ஒரு குடும்பத்துக் குழம்புக்கு அதிகம். கிள்ளவும் அளக்கவும் தோதாக இருக்கட்டும் என்றுதான் மாவும் கோந்தும் சேர்க்கிறார்கள்.

ஆனால் மாவு மாவுதான். புகைகிற எண்ணெயில் கோதுமை மாவைத் தூவினால் என்ன ஆகுமோ அதுதான் டப்பாப் பெருங்காயத்துக்கும் ஆகிறது. சில நொடிகளில் பொன்னிறம், இன்னும் சில நொடிகளில் கருகல். அவள் தாளிப்பில் கடுகுக்கு அடுத்தபடியாகப் பெருங்காயம், அதன்பின் வெங்காயம். வெங்காயத்தை எடுக்கத் திரும்பும் நேரத்துக்குள் மாவு கரிந்து எண்ணெயோடு கலந்துவிடும். இத்தனை நாளும் வெந்தயம் சுமந்த பழியில் ஒரு பங்கு இதனுடையது.

ஒரு பங்குதான். பெருங்காயமே போடாமல் வைத்துப் பார்த்தபோது கசப்பு குறைந்தது, போகவில்லை.

மிச்சத்தைத் தெரிந்துகொள்ள நேரே போவதைத் தவிர வேறு வழியில்லை. திருநெல்வேலிக்குப் போனவள், பெரியம்மாவின் அடுப்படியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "சமையல வேடிக்க பாக்கதுக்கா வந்த? பூண்ட உரி" என்றார். பூண்டை உரித்துக்கொண்டே கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஆமா", "இல்ல", "பாரேன்" என்ற மூன்றே பதில்கள். வெந்தயத்தை எப்போது போடுவீர்கள் என்றதற்கு "போடும்போது போடுவேன்." எவ்வளவு சிவக்க வேண்டும் என்றதற்கு மட்டும் வாய் திறந்தார்: "வெந்தயத்தக் கண்ணால பாத்தா கெட்டுச்சு. மூக்கால பாக்கணும்ட்டி."

பதிலில் கிடைக்காதது கையைப் பார்த்ததில் கிடைத்தது. பெரியம்மா கடுகை முதலில் வெடிக்க விட்டார். வெடிப்பு அடங்கியதும் அடுப்பைத் தணித்தார். சட்டியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அதன் பிறகுதான் வெந்தயம். கை அள்ளியது எழுபதை விட நிச்சயம் அதிகம். ஏழெட்டு நொடி இருக்கும், பச்சை வாடை மாறி வறுத்த வாசனை எழுந்த அந்தக் கணத்தில் ஒரு கிண்ணம் சின்ன வெங்காயமும் பூண்டும் சட்டிக்குள் விழுந்தன. அத்துடன் வெந்தயத்தின் வறுவல் நின்றது. வெங்காயத்தின் ஈரம் எண்ணெயின் சூட்டை அப்படியே கீழே இறக்கிவிட்டது.

எழுதுகிறவள் கடுகையும் வெந்தயத்தையும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து சேர்த்தே எடுத்துப் போடுகிறவள். கடுகு வெடிக்க எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். அது வெடித்து முடிவதற்குள் கூடவே கிடக்கும் வெந்தயம் சிவந்து, செம்பாகி, கறுத்துவிடும். எழுபது போட்டாலும் எழுபதும் கறுக்கும், இருபது போட்டாலும் இருபதும் கறுக்கும். அவள் குறைத்துக்கொண்டே போனது கருகிய வெந்தயத்தின் எண்ணிக்கையை.

ஊருக்குத் திரும்பியதும் மூன்று சிறிய சட்டிகளில் இதைச் சரிபார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், இருபது வெந்தயம், அரை டம்ளர் புளித்தண்ணீர், பத்து நிமிடக் கொதி. முதல் சட்டியில் வெந்தயத்தை வறுக்கவே இல்லை. தண்ணீரில் பச்சைப்பயறு போன்ற வாடை, லேசான கசப்பு. இரண்டாவதில் மஞ்சள் மாறிப் பொன்னிறத்தைத் தாண்டும்போது புளித்தண்ணீரை ஊற்றினாள். காய்ச்சிய வெல்லப்பாகு போல ஒரு வாசனை. வெந்தயத்தைக் கடித்தால் கசப்பு உண்டு, தண்ணீரில் இல்லை. மூன்றாவதில் காபிக்கொட்டை நிறம் வரும்வரை விட்டாள். அந்தத் தண்ணீரை விழுங்க முடியவில்லை.

பச்சை வெந்தயத்தின் கசப்பு பெரும்பாலும் அதிலுள்ள சபோனின்களிலிருந்து வருவது. மிதமாக வறுக்கும்போது பச்சை வாடை போய் வறுத்த மணம் மேலே வருகிறது. மீறினால் தீய்ந்த பொருள்களின் புதிய கசப்பு சேர்கிறது. அந்த வெல்லப்பாகு வாசனைக்குப் பின்னால் இருப்பது சோட்டலோன் என்கிற சேர்மம். அதன் வீச்சு எவ்வளவு என்பதற்கு நியூயார்க் நகரமே சாட்சி. 2005 முதல் அவ்வப்போது நகரம் முழுக்க மேப்பிள் பாகு வாசனை வீசியது. விஷவாயுவோ என்று பயந்து மக்கள் அவசர எண்ணை அழைத்தார்கள். காற்றின் திசையையும் புகார் வந்த இடங்களையும் வைத்துத் துப்புத் துலக்கி 2009 பிப்ரவரியில் மேயர் ப்ளூம்பெர்க் விடையை அறிவித்தார்: ஆற்றுக்கு அக்கரையில், நியூஜெர்சியின் ஓர் ஆலையில் வெந்தயம் பதப்படுத்துகிறார்கள்! ஆற்றைத் தாண்டி நகரத்தையே கலங்கடிக்கிற வாசனைக்குக் குழம்புச் சட்டியில் கால் டீஸ்பூன் தாராளம்.

வறுக்காமலும் கசக்காமல் சமைக்க வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சொதியில் முழு வெந்தயம் எண்ணெயைப் பார்க்காமலே வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சளோடு வெந்து, தேங்காய்ப்பாலில் முடிகிறது. முழு விதை உடையாமல் இருக்கும்வரை கசப்பை மெதுவாகத்தான் விடும், தேங்காய்ப்பாலின் கொழுப்பும் அதை மட்டுப்படுத்தும். அதே அளவைப் பொடித்துப் போட்டால் அத்தனையும் உடனே குழம்பில் இறங்கிவிடும்.

பொடி என்றதும் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கிலோ குழம்புப் பொடிக்கு 25 கிராம் வெந்தயம் வறுத்து அரைக்கிற வீடு அவளுடையது. இரண்டு மேசைக்கரண்டிப் பொடி சுமார் 15 கிராம், அதில் வெந்தயம் அரை கிராமுக்கும் கீழே. கெடுதல் இல்லாத அளவுதான். ஆனால் மிஷினுக்குக் கொடுக்கும் முன் அந்த வெந்தயம் கருகியிருந்தால், பொடி தீரும்வரை எல்லாக் குழம்பும் கசக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு சிட்டிகைப் பொடியை வெந்நீரில் கரைத்து நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் வீட்டுப் பொடி தப்பித்தது.

இப்போது அவள் அடுப்பில் முறை இது. கடுகு வெடித்து அடங்கியதும் தீயைக் குறைத்துக் கால் டீஸ்பூன் முழு வெந்தயம். வாசனை எழுந்த உடனே வெங்காயமும் பூண்டும். கட்டிப் பெருங்காயம் மிளகு அளவு கிள்ளி, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் இருபது நிமிடம் முன்பே ஊறப்போட்டது, புளித்தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போகிறது. டப்பாப் பொடி மட்டுமே இருந்தால் அரைக்கால் டீஸ்பூன், அதுவும் வெங்காயம் விழுந்த பிறகு. கட்டியை எண்ணெயில் பொரிக்கிறவர்கள் அது உள்வரை பொரிந்ததா என்று பிட்டுப் பார்க்க வேண்டும். நடு பச்சையாக இருந்தால் அந்தத் துண்டு யார் இலையில் விழுகிறதோ அவருக்குக் குமட்டும்.

கசந்துவிட்ட குழம்பை முழுதாக மீட்க முடியாது. கொஞ்சம் உப்பும் கொட்டைப்பாக்கு அளவு வெல்லமும் கசப்பை அமுக்கும், எடுக்காது. தாளிப்பு கருகியது மூக்குக்குத் தெரிந்தால், புளி ஊற்றும் முன்பே எண்ணெயோடு கொட்டிவிட்டு மறுபடி தாளிப்பது மூன்று கரண்டி எண்ணெயோடு போகிற நஷ்டம்.

பெரியம்மா போனில் முதல் நாளே சொன்னதும் அதுதான்.