நிறத்தை அளந்தாச்சு... உப்பை அளந்தீங்களா?

‘கிணத்துல சாயமே தெரியலைங்க, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. தென்னைக்குப் பாய்ச்சலாமுங்களா?’ மங்கலம் பக்கம் நொய்யல் கரையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விவசாயத்துக்குத் திரும்புவதற்கு முன்பு ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கேட்கிறார்கள்.

அங்கே தண்ணீரில் எவ்வளவு சாயம் இருக்கிறது என்பதை கலரிமீட்டரில் அளப்போம். சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி உள்ளே வைத்தால், அதன் வழியே ஒளி போகும். சாயம் கூடக்கூட அதிக ஒளியை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்பதைக் கருவி எண்ணாகக் காட்டும். சிவப்புச் சாயம் விழுங்குவது பச்சை ஒளியை. அதனால் அதற்குப் பச்சைக் கண்ணாடி வடிகட்டியைத்தான் போட வேண்டும். முதலில் நல்ல தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்வோம்.

ஒரு நாள் அளந்ததைச் சொல்கிறேன். 1 கிராம் சிவப்புச் சாயத்தை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தோம். அந்தக் கரைசலில் 10 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்கினால், லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயம். இதேபோல 20, 30, 40 என்றும் தயாரித்தோம். கருவி காட்டியது 0.15, 0.30, 0.45, 0.60. கட்டம்போட்ட தாளில் சாய அளவைக் கீழேயும் கருவியின் எண்ணைப் பக்கவாட்டிலும் குறித்துப் புள்ளிகளைச் சேர்த்தால், பூஜ்யத்திலிருந்து கிளம்பும் நேர்க்கோடு வந்தது. சாயம் இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்கு.

அதே சாயம் போட்ட துணியை அலசிய தண்ணீரை வடிகட்டி வைத்தோம். கருவி 1.35 காட்டியது. கோட்டை நீட்டிக் கணக்குப் போட்டால் 90 மில்லிகிராம். ஆனால், நிறம் மிக அடர்ந்தால் கருவி குறைத்துக் காட்டும், கோடு வளைந்துவிடும். அதனால் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் கலந்து, ஐந்து மடங்கு நீர்த்துப்போகச் செய்து மறுபடி பார்த்தோம். 0.36 வந்தது. கோட்டில் அது 24. ஐந்தால் பெருக்கினால் 120. இதுதான் சரியான அளவு. வேறு சாயம் என்றால் வேறு கோடு வரைய வேண்டும். கலங்கல் இருந்தால் அதுவும் ஒளியைத் தடுத்து, எண்ணைக் கூட்டிவிடும்.

இப்போது கிணற்றுக்கு வருவோம். துணியில் சாயம் ஏற, சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுவார்கள். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலேயும் போகும். உப்புக்கு நிறம் கிடையாது. சாயம் முழுவதும் நீங்கிய தண்ணீருக்கு கலரிமீட்டர் பூஜ்யம் காட்டும். உப்பு அப்படியே கிடக்கும். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத பட்டறைகளை மூடச் சொல்லி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், முன்பே நிலத்தடியில் இறங்கிய உப்பு நிறத்தோடு போய்விடுவதில்லை.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில்: கிணற்றுத் தண்ணீரை மின்கடத்துதிறன் பரிசோதனைக்குக் கொடுங்கள். 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் உப்பால் தொல்லையில்லை. 3-ஐத் தாண்டினால், தண்ணீர் கண்ணாடி மாதிரியே இருந்தாலும், உப்பு தாங்கும் பயிருக்குத்தான் யோசிக்க வேண்டும்.