ஆஃபர் லெட்டர் உண்மை, ஸ்காலர்ஷிப் பொய்

ஏ.எல். முடிச்ச கையோட வெளிநாட்டுப் படிப்பைப் பத்தி விசாரிக்கிற தம்பி, தங்கச்சிகள் மாத்தளையில இப்போ நிறைய. அவர்களுக்கு வரும் ஈமெயில்களை நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்துக் கொடுக்கிறோம். "இது பொய்யா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எங்களை அதிகம் திணறடிச்சது பாதி உண்மையான ஒரு மெயில்.

ரத்தோட்டைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்திக்கு வந்தது அது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைச்சிருக்கு, பாதிக் கட்டணம் ஸ்காலர்ஷிப், 72 மணித்தியாலத்துக்குள்ள டெபாசிட் கட்டணும் என்று இருந்தது. வீட்டில் நகையை அடகு வைக்கவே தயாராகிட்டாங்க.

முதலில் அனுப்பியவர் முகவரியைப் பார்த்தோம். ஃபோனில் பெரிதாகத் தெரிவது பெயர் மட்டும்தான். அதை யாரும் எப்படியும் வைக்கலாம். பெயரைத் தொட்டால்தான் முழு முகவரி வரும். அதை வலப்பக்கத்திலிருந்து படிக்கணும். இங்கிலாந்துப் பல்கலைக்கழக முகவரிகள் பெரும்பாலும் `.ac.uk` என்று முடியும். அந்த முடிவைக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மட்டும்தான் கொடுப்பாங்க. இவளுக்கு வந்ததோ `-ac.uk.com` என்று முடிந்தது. கடைசியில் ஒட்டியிருக்கும் `.com` எல்லாவற்றையும் மாத்திடுது, ஏனென்றால் `uk.com`க்கு முன்னால் வரும் பெயரைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். (கனடாவுக்கு இந்த வழி அவ்வளவு உதவாது. அங்கே கல்லூரிகளும் சாதாரணக் கடைகளும் ஒரே `.ca`வைத்தான் பாவிக்கின்றன.)

முகவரி சரியாக இருந்தாலும் அது போலியாக எழுதப்பட்டிருக்கலாம். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளிகளை அழுத்தினால் `Show original` என்று வரும். அதற்குள் `SPF`, `DKIM`, `DMARC` என்ற மூன்றுக்கும் நேரே `PASS` இருக்கா என்று பாருங்க. இந்த மெயிலில் மூன்றுமே `PASS`! அதில் ஆச்சரியமில்லை. அந்த முகவரியிலிருந்துதான் மெயில் வந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். முகவரிக்குச் சொந்தக்காரர் நல்லவரா என்று சொல்லாது.

அதனால் அந்த மெயிலுக்குப் பதில் போடாமல், அதிலிருந்த லிங்கையும் நம்பரையும் தொடாமல், வேறு வழியாகப் போனோம். மாணவர் விசாவுக்கு அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இங்கிலாந்து அரசு `gov.uk` தளத்தில் போட்டிருக்கு. அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. பிறகு அதன் சொந்தத் தளத்துக்குப் போய் அட்மிஷன் பிரிவின் முகவரியை எடுத்தோம். நாங்கள் எழுதினால் பதில் வராது; மாணவரின் விபரத்தை மூன்றாம் ஆளுக்குச் சொல்லமாட்டாங்க. தங்கச்சியே தன் பெயர், பிறந்த திகதி, மெயிலிலிருந்த விண்ணப்ப இலக்கத்தைப் போட்டு மூன்றே கேள்விகள் கேட்டாள்: எனக்கு ஆஃபர் இருக்கா, ஸ்காலர்ஷிப் இருக்கா, இப்போ காசு கட்டணுமா?

அடுத்த நாள் வந்த பதில்: விண்ணப்பத்தில் பதிவான ஈமெயில் இதுவல்ல, பாஸ்போர்ட் பிரதி அனுப்புங்க. அப்போதான் விஷயம் புரிஞ்சது. விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜென்சி, அவள் பெயரில் தானே ஓர் ஈமெயிலைத் திறந்து, பாஸ்வேர்டையும் தன்னிடமே வைத்திருந்தது. பல்கலைக்கழகம் எழுதியதெல்லாம் அங்கேதான் போயிருக்கு.

பிரதியை அனுப்பியதும் மூன்று கேள்விக்கும் பதில் கிடைச்சது. ஆஃபர் உண்மை, ஆனால் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு வந்தால்தான் உறுதியாகும். ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லை. அந்த நிபந்தனை நிறைவேறும் வரை டெபாசிட்டும் கேட்பதில்லை.

மெயிலிலிருந்த வங்கிக் கணக்கே முதலில் உறுத்தியிருக்கணும். அது கொழும்பில் ஒரு தனி ஆளின் பெயரில், ரூபாயில் போடச் சொன்ன கணக்கு. பல்கலைக்கழகக் கட்டணம் வங்கி வழியாக நேரே பல்கலைக்கழகக் கணக்குக்கோ, அதன் தளத்திலுள்ள கட்டண வழிக்கோதான் போகும். வங்கியும் ஆஃபர் லெட்டரைக் கேட்கும். "வங்கியில கேள்வி கேப்பாங்க, நம்மகிட்ட கட்டுங்க" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கேள்விதான் உங்களுக்கான பாதுகாப்பு.

"விசா கிடைச்சிட்டா எல்லாம் சரிதானே அண்ணா?" என்று தங்கச்சி கேட்டாள். இல்லை. ஜலந்தரில் இருந்த ஓர் ஏஜென்ட் கொடுத்த போலி அனுமதிக் கடிதங்களோடு பஞ்சாப் மாணவர்கள் பலர் கனடாவுக்குப் போனாங்க. விசாவும் கிடைச்சது. போய் இறங்கியதும் அந்தக் கல்லூரியில் இடமில்லை, வேறொன்றில் சேருங்க என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. பல வருஷம் கழிச்சு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிச்சபோதுதான் கடிதம் பொய் என்று பிடிபட்டது. 2023இல் நாடு கடத்தும் நடவடிக்கை வரை போனது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கனடா அரசே கல்லூரியிடம் கேட்டு உறுதிசெய்கிறது. ஆனால் அந்தச் சரிபார்ப்பு நடக்கும்போது டெபாசிட் ஏற்கெனவே கைமாறியிருக்கும்.

தங்கச்சி இப்போ விண்ணப்பத்தில் தன் சொந்த ஈமெயிலை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறாள். அடகுக்கு எடுத்த நகை திரும்ப அலுமாரிக்குப் போயிட்டு. பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு.