கணிப்பு எண்ணை நம்புமுன் அடிக்குறிப்பைப் படியுங்கள்

தேர்தல் வந்தால் வில்லியனூர், பாகூர் டீக்கடைகளில் முதலில் பேச்சுக்கு வருவது கருத்துக்கணிப்புதான். "அவங்கதான் ஜெயிக்கிறாங்களாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், பத்துப் பேர் தலையாட்டிவிடுவார்கள். இளையவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தலைப்பை விடுங்கள், அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்தீர்களா?

2021 புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலையே பாருங்கள். வந்த கணிப்புகள் பலவும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்குப் பெரும்பான்மை என்றன. அது பலித்தது. என்.ஆர். காங்கிரஸ் 10, பா.ஜ.க. 6 என்று 30-ல் 16 இடங்கள் வந்தன. ஆனால் வில்லியனூரிலும் பாகூரிலும் வென்றது தி.மு.க. மாநிலத் தலைப்பு சரியாக இருந்தும் நம் ஊர் நிலவரத்தை அது சொல்லவில்லை.

காரணம் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது. 1,000 பேரைச் சரியாகத் தேர்ந்து கேட்டால் மாநில அளவில் பிழை ஏறக்குறைய 3 சதவீதம். அதையே 30 தொகுதிக்குப் பங்கிட்டால் தொகுதிக்கு 33 பேர்; பிழை 17 சதவீதம் வரை போகும். அந்த ஆயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் முக்கியம். நகரத்துத் தொலைபேசி எண்களை மட்டும் கூப்பிட்டிருந்தால் பாகூர் வயல்வெளியில் வேலை செய்பவரின் குரல் அதில் இருக்காது. காரைக்கால், மாஹே, ஏனாம் சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

அடுத்தது தேதி. வெளியிட்ட நாளைப் பார்க்காதீர்கள், கேட்ட நாளைப் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 22-ல் நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. மார்ச் 9-ல்தான் எதிரணியான தேசிய ஜனநாயகக் கூட்டணியின் தொகுதிப் பங்கீடு முடிவானது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. பிப்ரவரி நடுவில் பதில் சொன்னவர், இன்னும் பங்கீடு முடிவாகாத கூட்டணியைப் பற்றி, ஆட்சியில் இருந்த அரசைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கேள்வியின் வாசகம் முழுதாக அச்சாகியிருக்கிறதா? "யார் முதலமைச்சராக வேண்டும்?" என்பதும் "உங்கள் தொகுதியில் யாருக்கு ஓட்டு?" என்பதும் வேறு வேறு. நம் ஊரில் கட்சியைவிட ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுபவர்கள் நிறைய. அந்தத் தேர்தலில் சுயேச்சைகளே 6 பேர் வென்றார்கள். "எந்தக் கூட்டணி?" என்று மட்டும் கேட்டால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

கடைசியாக, பணம் கொடுத்தவர் யார்? கட்சி தனக்காக எடுத்த கணிப்பு பொய்யாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆனால் சாதகமாக வந்ததை வெளியிட்டு, பாதகமாக வந்ததைப் பெட்டியில் பூட்டிவைக்க அவர்களால் முடியும். வெளியில் வந்த ஒன்றை மட்டும் பார்க்கும் நமக்கு அது தெரியாது.

இந்த நான்கில் ஒன்றும் அச்சிடாத கணிப்பு வந்தால், அதை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் இருந்தால், கேட்ட நாளில் கேட்டவர்களின் மனம் இப்படி இருந்தது என்ற அளவுக்கு நம்புங்கள். நம் தொகுதியில் யார் வருவார் என்பதை அதிலிருந்து முடிவுகட்டாதீர்கள்.