குரங்கும் பயோஸும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பேராதனையில் எங்கட போடிங்கில், மூன்று பேரும் காசு சேர்த்து வாங்கிய பழைய டெஸ்க்டொப்புக்கு முன்னால் இருந்தோம். புதிய பயோஸ் வந்திருக்கிறது என்று அது ஒரு கிழமையாகக் காட்டிக்கொண்டே இருந்தது. கொம்பியூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. "புதுசு என்றால் நல்லதுதானே மச்சான்" என்று அப்டேட்டை அமத்திவிட்டோம். பாதி தாண்டியிருக்கும், பகல் பதினொன்றரை மணியளவில் கரண்ட் போனது. நாடு முழுக்கவே போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதுதான் காரணம் என்று அமைச்சர் பிறகு சொன்னார்.

கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டோம். விசிறி சுத்தியது, லைட் எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. ரேமைக் கழற்றி மாட்டினோம், மொனிட்டரை மாற்றினோம். மதர்போர்டில் உள்ள சின்ன பற்றரியையும் கழற்றிப் பார்த்தோம். அது செட்டிங்குகளைத்தான் அழிக்கும், கெட்டுப்போன பயோஸைத் திருத்தாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

டிரைவர் அப்டேட்டும் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தோம். டிரைவர் டிஸ்க்கில் இருக்கிறது. பிழைத்தால் 'சேஃப் மோட்'டில் ஏறி, டிவைஸ் மனேஜரில் பழையதற்குத் திரும்பலாம். பயோஸ் இருப்பதோ மதர்போர்டில் ஒட்டிய எட்டுக் கால் சிப்பில். டிஸ்க்கை எழுப்புவதே அதுதான். அப்டேட்டின்போது பழையதை அழித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் புதியதை எழுதும். நடுவில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் முழுசாக இல்லை. திரும்பிப் போகச் சொல்லக் கேட்க அங்கே ஆளே இல்லை.

கண்டியில் ஒரு ரிப்பெயார் கடை அண்ணா அந்தச் சிப்பில் கிளிப் ஒன்றைக் கவ்வ வைத்து, வயரை தன்ட லெப்டொப்பில் கொடுத்தார். முதலில் உள்ளே மிஞ்சியிருந்ததை வாசித்துச் சேமித்தார், போர்டின் சீரியல் இலக்கம் போன்றவையும் அதில் இருக்குமாம். பிறகு அதே மொடலின் பயோஸ் ஃபைலை எழுதி, சரியாகப் பதிந்ததா என்று ஒப்பிட்டார். திரை வந்தது. "என்னத்துக்கு தம்பி அப்டேட் பண்ணினீங்க?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

அன்று இரவுதான் அந்தப் பதிப்பின் குறிப்பை வாசித்தோம். புதிய புரொசசர்களுக்கு ஆதரவு, அவ்வளவுதான். எங்களிடம் இருந்தது பழையது.

அதற்காக பயோஸைத் தொடவே கூடாது என்றில்லை. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் சில, கூடிய வோல்டேஜால் பழுதாகின. அதைத் தடுக்கும் திருத்தம் 2024 ஓகஸ்டில் பயோஸ் அப்டேட்டாகத்தான் வந்தது. அந்தப் புரொசசர் வைத்திருப்பவர் போடாமல் விட்டால்தான் ஆபத்து.

இப்போது நாங்கள் குறிப்பை முதலில் வாசிக்கிறோம். எங்கட கோளாறோ, பாதுகாப்பு ஓட்டையோ அதில் இருந்தால் மட்டும், யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்து அப்டேட் பண்ணுகிறோம். லெப்டொப் என்றால் பற்றரியும் நிறைந்திருக்க வேணும், சார்ஜரும் செருகியிருக்க வேணும். மரத்துக்கு மரம் குரங்கு தாவுகிற ஊர் இது.